ஆட்குறைப்பு என்று கூப்பிட்டால்: கையெழுத்துக்கு முன் பேச வேண்டியவை

பொங்கலுக்கு முந்தைய திங்கட்கிழமை, 2026 ஜனவரி 12. மாலை நாலரை மணிக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து என் தங்கையின் தோழி போன் பண்ணினாள். நாகர்கோவிலில் மருத்துவ பில்லிங் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு வருஷத்துக்கு மேல் இருந்தவள். "அண்ணே, என்னையும் கூப்பிட்டுட்டாங்க. ராஜினாமா லெட்டர் டைப் அடிச்சே வச்சிருந்தாங்க. என் பேரைக்கூட தப்பா அடிச்சிருக்காங்க. பேனாவைத் திறந்து பக்கத்துல வச்சிட்டு, இன்னைக்கே கையெழுத்துப் போட்டா ஒரு மாச சம்பளமும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் தருவோம்னு சொல்லுறாங்க."

நான் கேட்ட முதல் கேள்வி, "போட்டியா மக்கா?"

போடவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாப் பேரமும் அந்த ஒரு வாக்கியத்தால்தான் நடந்தது. நான் பதினோரு வருஷம் எச்.ஆர். வேலை பார்த்தவன். அப்படி டைப் அடித்த காகிதத்தை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீட்டியும் இருக்கிறேன். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் எதை இழந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராஜினாமா வேறு, ஆட்குறைப்பு வேறு

வேலை இல்லை, செலவு குறைக்கிறோம் என்று கம்பெனி உங்களை அனுப்பினால் அது ஆட்குறைப்பு. நீங்களாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ராஜினாமா. இரண்டிலும் வேலை போகிறது, ஆனால் பணக் கணக்கு வேறு. ஒரு வருஷம் தொடர்ச்சியாக வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், எழுத்தில் ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும். அதோடு முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் அதையும் ஒரு வருஷமாக எண்ண வேண்டும். 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் இருந்த விதி இது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. ராஜினாமா செய்தவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. எனவேதான் லெட்டரை அவர்களே டைப் அடித்து வைக்கிறார்கள்.

"ராஜினாமா செஞ்சா ரெக்கார்டு சுத்தமா இருக்கும், இல்லேன்னா டெர்மினேஷன்னு விழுந்திடும்" என்று சொல்வார்கள். இதற்குப் பயப்பட வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போவதும், பணியிடம் குறைந்து வேலை போவதும் ஒன்றல்ல. பணியிடக் குறைப்பால் விடுவிக்கப்பட்டார் என்று கடிதத்தில் எழுதியிருந்தால் அடுத்த கம்பெனி அதைக் குறையாகப் பார்ப்பதில்லை.

முதல் கூட்டத்தில் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கேட்டுக்கொள்ளுங்கள், காகிதத்தின் நகல் கேளுங்கள், யோசிக்க நேரம் கேளுங்கள். நோட்டீஸ் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டால், "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடலாம். சம்மதித்தேன் என்ற சொல் இருக்கும் எதிலும் அன்றைக்குக் கை வைக்காதீர்கள்.

அன்று இரவு எடுத்து வைக்க வேண்டியவை

மெயிலும் எச்.ஆர். தளமும் எந்த நேரத்திலும் மூடப்படலாம். அதற்கு முன் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள உயர்வுக் கடிதங்கள், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, லீவு இருப்புக் காட்டும் பக்கம், வருடாந்திர மதிப்பீடு ஆகியவற்றை இறக்கி வையுங்கள். பி.எஃப். பாஸ்புக்கை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இவை எல்லாம் உங்களைப் பற்றிய காகிதங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் விவரம் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். இவள் வேலை செய்த இடத்தில் நோயாளிகளின் விவரம் இருந்தது. அதில் ஒரு கோப்பு வெளியே போனாலும் ஆட்குறைப்பு என்பது ஒழுங்கு நடவடிக்கையாக மாறிவிடும். அப்புறம் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் தேட வேண்டியது நோட்டீஸ் பீரியட். சட்டம் சொல்லும் ஒரு மாதம் கீழ்வரம்பு. ஆர்டரில் இரண்டு மாதம் என்று இருந்தால் இரண்டு மாதம். இவளுடைய ஆர்டரில் இரண்டு மாதம் என்று இருந்தது. ஒரு மாதச் சம்பளத்தை ஏதோ இரக்கப்பட்டுத் தருவதுபோல் பேசியவர்கள், தாங்கள் போட்ட ஒப்பந்தத்தில் பாதியைத்தான் தர முன்வந்திருந்தார்கள்.

கணக்கு போடுவோம்

இவளுக்கு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 16,000. மீதி வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை. இழப்பீட்டுக்கும் கிராஜுவிட்டிக்கும் அந்த 16,000 தான் கணக்கு. (சில கம்பெனிகளில் அடிப்படையை மிகக் குறைவாக வைத்து மீதி எல்லாவற்றையும் படி என்று காட்டுவார்கள். புதிய சட்டத் தொகுப்பின்படி, கணக்கில் சேராத படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். உங்கள் சீட்டில் அப்படி இருந்தால் இதைக் கேளுங்கள்.)

சேர்ந்த தேதி 2019 ஆகஸ்ட் 1. ஜனவரி 12-ஆம் தேதியே கடைசி நாள் என்றால் ஆறு வருஷம், ஐந்தரை மாதம்கூட ஆகவில்லை. அப்போது ஆறு வருஷம்தான் கணக்கு. இரண்டு மாத நோட்டீஸைப் பணமாகத் தராமல், அவளை வேலைப் பட்டியலில் வைத்தே மார்ச் 12 வரை கழித்தால் ஆறு வருஷம் ஏழு மாதம் ஆகும். ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டதால் ஏழு வருஷம் கணக்கு.

இதுதான் இந்த வழக்கின் முடிச்சு. பெரும்பாலானவர்கள் தொகையைப் பற்றித்தான் பேரம் பேசுவார்கள், கடைசி நாளைப் பற்றிப் பேசுவதே இல்லை. நோட்டீஸுக்குப் பதில் பணம் வாங்கினால் சேவைக்காலம் அன்றோடு நின்றுவிடும். நோட்டீஸ் காலம் பட்டியலில் இருந்தபடி கழிந்தால் சேவைக்காலம் நீளும், கம்பெனியின் மருத்துவக் காப்பீடு ஓடும், வேறு இடத்துக்கு நேர்காணல் போகும்போது இப்போதும் வேலையில் இருப்பவர் என்றே போகலாம். கிராஜுவிட்டிக்குத் தேவையான ஐந்து வருஷத்துக்குச் சில வாரம் குறைவாக இருப்பவருக்கு இது இன்னும் பெரிய விஷயம். மாறாக, அடுத்த வேலை கையில் தயாராக இருந்து, சேவைக்காலத்தில் எல்லை எதுவும் அருகில் இல்லையென்றால், பணமாக வாங்கிக்கொண்டு கிளம்புவதே நல்லது.

ஏழு வருஷம் என்றால் இழப்பீடு 8,000 பெருக்கல் 7, அதாவது 56,000. இங்கே 15 நாள் என்பது மாதச் சம்பளத்தில் பாதி. கிராஜுவிட்டியில் மட்டும் மாதத்தை 26 நாளாக வகுப்பார்கள்: 16,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, ஏழு வருஷத்துக்கு 64,615. லீவு 18 நாள் மிச்சம், அந்தக் கம்பெனியின் விதிப்படி அடிப்படைச் சம்பளத்தில் 9,600. நோட்டீஸ் காலச் சம்பளம் இரண்டு மாதத்துக்கு 60,000. இதுதான் தரை. இதற்குக் கீழே இறங்கக் கூடாது. கிராஜுவிட்டி ராஜினாமா செய்தாலும் வரும் பணம், ஏனென்றால் ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. "கிராஜுவிட்டியும் தருகிறோமே" என்று அதைச் சலுகையாகக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

பேசும் வரிசை

மறுநாள் காலை அவள் போய்ப் பேசவில்லை, முதலில் மெயில் அனுப்பினாள். பேச்சு காற்றோடு போய்விடும், மெயில் நிற்கும். அவள் எழுதியதன் சாரம்:

"நேற்று நடந்த சந்திப்பில் பணியிடங்கள் குறைக்கப்படுவதால் என் வேலை முடிவுக்கு வருவதாகத் தெரிவித்தீர்கள். நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை. ஆட்குறைப்புக்கான நோட்டீஸை எழுத்தில் தரும்படியும், எனக்குச் சேர வேண்டிய தொகைகளின் கணக்கைத் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். இதைச் சுமுகமாக முடிக்க எப்போது வேண்டுமானாலும் பேசத் தயார்."

கோபம் இல்லை, சட்டப் பிரிவு எண்கள் இல்லை, மிரட்டல் இல்லை. ஆனால் எச்.ஆர். மேசையில் இருந்து இதைப் படிப்பவருக்கு ஒன்று உடனே புரியும்: முதல் நாள் நடந்தது இப்போது பதிவாகிவிட்டது.

பதில் எதிர்பார்த்தபடியே வந்தது. "நீங்க டீம் லீட், உங்களுக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது." இது அடிக்கடி சொல்லப்படும் வாதம். சட்டம் பார்ப்பது பதவியின் பெயரை அல்ல, செய்யும் வேலையை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் தொழிலாளர் வரையறைக்கு வெளியே போவார்கள். மேற்பார்வை வேலை மட்டும் பார்ப்பவர்கள் மாதம் 18,000-க்கு மேல் ஊதியம் வாங்கினால் வெளியே போவார்கள். இவள் நாள் முழுக்கத் தானே பில் போட்டவள். யாருக்கும் லீவு கொடுக்கவோ, யாரையும் வேலைக்கு எடுக்கவோ அதிகாரம் இல்லாதவள். அதைத்தான் பதிலாக எழுதினாள், தன் மதிப்பீட்டுப் படிவத்தில் இருந்த தினசரி இலக்கு எண்ணிக்கையைக் காட்டி. உண்மையிலேயே மேலாளராக இருப்பவருக்கு இந்த 15 நாள் கணக்கு கிடைக்காது. அவருக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உள்ள நோட்டீஸும் பேச்சுத் திறமையும்தான் கையில் இருக்கும்.

நேரில் உட்கார்ந்தபோது கம்பெனிக்குச் செலவு குறைந்தவற்றை முதலில் கேட்கச் சொன்னேன். கடைசி நாள் மார்ச் 12, ஜனவரி முடிந்ததும் அலுவலகம் வரத் தேவையில்லை, கடிதத்தின் வாசகம் இன்னது. இவை மூன்றுக்கும் அவர்கள் பையில் இருந்து பெரிதாக ஒன்றும் போகாது. இரண்டு பேரும் இரண்டு மூன்று விஷயத்தில் சரி என்று சொல்லிவிட்டால் அறையின் சூடு குறையும். அதன்பிறகு பணம்.

பணத்தில் அவள் கேட்டது 1,05,000. அதாவது 16,000-க்குப் பதில் முழுச் சம்பளமான 30,000-இல் பாதியை வைத்து ஏழு வருஷம். இது சட்டம் கட்டாயப்படுத்தும் தொகை அல்ல. ஆனால் வாயில் வந்த எண்ணும் அல்ல, ஒரு கணக்கின் மேல் நிற்கிற எண். "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்று கேட்டால் கொஞ்சம்தான் வரும்.

அவளிடம் இன்னொரு பிடியும் இருந்தது. அதே வேலையில் 2022-இல் சேர்ந்த இரண்டு பேர் தொடர்கிறார்கள். ஒரே பிரிவில் கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்பதுதான் சட்டத்தின் பொது விதி. அதை மீறினால் கம்பெனி காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்த இரண்டு பேரின் பெயரை அவள் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது, அவர்களும் நம்மைப் போல மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். "பணிமூப்பு வரிசை எப்படிப் பார்க்கப்பட்டது என்று தெரிந்தால் நல்லது" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் கழித்து இழப்பீடு 80,000 என்று வந்தது. அங்கேயே முடித்துக்கொள் என்றேன். முதலில் அவர்கள் தர நினைத்தது ஒரு மாதச் சம்பளம், ஆறு வருஷக் கிராஜுவிட்டி, லீவுப் பணம் எல்லாம் சேர்ந்து 95,000-க்குக் கொஞ்சம் குறைவு. கடைசியில் கிடைத்தது 2,14,215.

இதுபோக, ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளிக்கு மறுதிறன் நிதி என்று ஒன்று புதிய சட்டத் தொகுப்பில் வந்திருக்கிறது. கம்பெனி 15 நாள் ஊதியத்தை அந்த நிதிக்குச் செலுத்த வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். இது இழப்பீட்டோடு சேர்ந்த பணம் அல்ல, தனி. இதையும் கணக்குத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

கடிதம்

நம் மாவட்டத்தில் இதற்குக் கூடுதல் எடை உண்டு. இன்றைக்கு நாகர்கோவிலில் வேலை பார்ப்பவர் நாளைக்கு வளைகுடாவுக்குப் போகலாம். அங்கே அனுபவச் சான்றிதழைச் சரிபார்த்து முத்திரை குத்தக் கேட்பார்கள். அப்போது தலைப்புத்தாள் இல்லாத, கையெழுத்துப் போட்டவர் யார் என்று தெரியாத கடிதம் உதவாது. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கம்பெனியே இல்லாமல் போயிருக்கலாம். எனவே இப்போதே சரியாக வாங்கி வையுங்கள்: தலைப்புத்தாள், முத்திரை, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, செய்த வேலை. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயர். ராஜினாமாக் காகிதத்திலேயே பெயரைத் தப்பாக அடித்தவர்கள், இதில் மட்டும் சரியாக அடிப்பார்கள் என்று நம்ப முடியாது.

விலகிய காரணத்துக்கு நாங்கள் கேட்டு வாங்கிய வாசகம்: "நிறுவனத்தின் பணியிடக் குறைப்பு காரணமாக விடுவிக்கப்பட்டார். இவருடைய பணியும் நடத்தையும் நன்றாக இருந்தன." நீங்களே எழுதிக் கொடுங்கள். எச்.ஆரில் இருப்பவருக்கு அன்றைக்கு இருபது பேர் கடிதம். எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அடித்துத் தருவது அவருக்கும் நிம்மதி. பாராட்டி எழுதுவது எங்கள் கொள்கை இல்லை என்று சில இடங்களில் சொல்வார்கள். அங்கே வற்புறுத்த வேண்டாம். வேலை விவரத்தோடு அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, தனியே உங்கள் மேலாளரிடம் அவர் சொந்தப் பெயரில் இரண்டு பத்தி கேளுங்கள். நாளைக்கு வேறு கம்பெனி விசாரித்தால் யார் பதில் சொல்வார், என்ன சொல்வார் என்பதையும் கேட்டு மெயிலில் உறுதி செய்யுங்கள்.

கடைசிக் கையெழுத்தும் பணமும்

இறுதிக் கணக்கு முடிக்கும் தாளில் "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். ஒப்புக்கொண்ட ஒவ்வொரு தொகையும் தனித்தனி வரியாக அதே தாளில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து. ஆட்குறைப்பு இழப்பீடு வேலையை விட்டு அனுப்பும் நேரத்திலேயே கொடுக்கப்பட வேண்டியது. மாதத் தவணையில் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள்ளும், கிராஜுவிட்டி 30 நாளுக்குள்ளும் வர வேண்டும். பணம் வருமுன் கையெழுத்துக் கட்டாயம் என்று நின்றால், "வங்கிக் கணக்கில் வரவான பின் செல்லும்" என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். லேப்டாப், அடையாள அட்டை திருப்பிக் கொடுத்ததற்கும் ரசீது வாங்குங்கள். அதில் பிடித்தம் காட்டித் தொகையைக் குறைத்த கதைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேச்சு முறிந்தால் நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார். இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. சமரசம் ஆகாமல் 45 நாள் கடந்தால் தொழிலாளி நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், வேலை போன நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள். அது மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் இழுக்கும். நேரில் பேசி முடிப்பதற்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பது அதற்காகத்தான். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடு இங்கே இருந்தாலும் வேலை செய்யும் இடம் கேரளம். மனுவும் அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். இங்கே கொடுத்தால் வாரங்கள்தான் வீணாகும்.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. பி.எஃப். கணக்கில் கம்பெனி பதிவு செய்யும் விலகல் தேதியைப் பாருங்கள். கடிதத்தில் ஒரு தேதியும் அங்கே வேறு தேதியும் இருந்தால், அடுத்த கம்பெனியின் சரிபார்ப்பில் அதுதான் முதலில் மாட்டும். இவளுக்கு அங்கே ஜனவரி 12 என்று போட்டுவிட்டார்கள். ஒப்பந்தத் தாளின் நகலை இணைத்து ஒரு மெயில் அனுப்பினாள். மார்ச் 12 என்று திருத்த ஒன்பது நாள் ஆனது.